கர்ப்பப்பை ஆபரேஷன்: எதை எடுக்கிறார்கள்? எந்த வழியாக எடுக்கிறார்கள்? உள்தையல் எப்போது ஆறும்?



நம் குழுக்களில் உள்கடன் கேட்டு வரும் விண்ணப்பங்களில் "கர்ப்பப்பை ஆபரேஷன்" என்று எழுதி வருவது அடிக்கடி நடக்கிறது. "என்ன ஆபரேஷன் அக்கா?" என்று கேட்டால் "கர்ப்பப்பைய எடுக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க" என்பார்கள். அதற்கு மேல் கேட்டால் பதில் தெரியாது. ஆனால் இந்த ஆபரேஷன் ஒரே மாதிரி ஆபரேஷன் இல்லை. எதையெல்லாம் எடுக்கிறார்கள் என்பது ஒரு விஷயம். எந்த வழியாக எடுக்கிறார்கள் என்பது இன்னொரு விஷயம். இரண்டையும் தெரிந்துகொண்டால்தான் பிறகு எப்படி இருக்க வேண்டும் என்பது புரியும்.

நம் உறுப்பினர் ஒருவருக்கு நடந்ததை வைத்தே இதைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

அக்காவுக்கு என்ன பிரச்சனை?

அக்காவுக்கு வயது 44. இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப்பிரசவம். இரண்டு வருடமாகப் பெரும்பாடு. மாதவிடாய் வந்தால் 10 நாள் போகும், கட்டி கட்டியாகப் படும். ரத்த அளவு 7 கிராமுக்கு இறங்கிவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையில் தசைக்கட்டி இருப்பது தெரிந்தது. கர்ப்பப்பை மூன்று மாதக் கர்ப்பம் அளவுக்குப் பெருத்திருந்தது.

டாக்டரம்மா உடனே கத்தியை எடுக்கவில்லை. முதலில் ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரை கொடுத்தார். கர்ப்பப்பையின் உள்சவ்வில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். கர்ப்பப்பை வாயையும் சோதித்தார். புற்றுநோய் இல்லை என்று வந்தது. மாத்திரையில் நான்கு மாதம் ஓரளவு அடங்கியது, பிறகு பழையபடி ஆகிவிட்டது. அதன் பிறகுதான் எடுத்துவிடலாம் என்று முடிவானது. ஆபரேஷனுக்கு முன்னால் இரும்புச்சத்து ஊசி போட்டு ரத்தத்தை 10 கிராமுக்கு மேல் ஏற்றினார்கள்.

இந்த வரிசையை மனதில் வையுங்கள். வெள்ளைப்படுதல், இடுப்புவலி என்று போனவுடன், பரிசோதனை எதுவும் செய்யாமல் "எடுத்துடலாம்" என்று சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் காட்டாமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளைப்படுதல் பெரும்பாலும் மருந்தில் தீரக்கூடியது. ஆனால் புற்றுநோய் என்று பரிசோதனையில் தெரிந்தவர்கள் நாள் கடத்தக்கூடாது. அவர்கள் விஷயம் வேறு.

எதை எடுக்கிறார்கள்?

கர்ப்பப்பை என்பது தலைகீழாகக் கவிழ்த்து வைத்த சின்னக் கொய்யாப்பழம் மாதிரி இருக்கும். அதன் அடிப்பகுதி பிறப்புவழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் கர்ப்பப்பை வாய். மேலே இரண்டு பக்கமும் இரண்டு கருக்குழாய்கள். குழாய்களின் முனைக்குப் பக்கத்தில் பாதாம் கொட்டை அளவில் இரண்டு சினைப்பைகள். நம் பக்கம் முட்டைப்பை என்றும் சொல்வோம். கருத்தடை ஆபரேஷனில் கட்டுவது இந்தக் குழாய்களைத்தான்.

பெரும்பாலும் செய்வது, கர்ப்பப்பையையும் அதன் வாயையும் சேர்த்து எடுப்பது. இதை முழு அகற்றல் என்பார்கள். சிலருக்கு வாயை மட்டும் விட்டுவிட்டு மேல்பகுதியை எடுப்பார்கள். அப்படி விட்டால், வாயில் புற்றுநோய் வருகிறதா என்று பார்க்கும் பரிசோதனையைத் தொடர்ந்து செய்துகொள்ள வேண்டும். மாதாமாதம் லேசாக ரத்தக்கறை படவும் வாய்ப்புண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்றால் சுற்றியுள்ள திசு, பிறப்புவழியின் மேல்பகுதி, நெறிக்கட்டிகள் எல்லாம் சேர்த்துப் பெரிய ஆபரேஷனாகச் செய்வார்கள். அதற்குப் புற்றுநோய் ஆபரேஷனில் தேர்ந்த மருத்துவர் வேண்டும்.

இதில் நாம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "முட்டைப்பையையும் எடுப்பீங்களா, விட்டுடுவீங்களா?" என்பதே அது.

கர்ப்பப்பை போனால் மாதவிடாய் நிற்கும், பிள்ளை உண்டாகாது. ஆனால் உடம்புக்கு வேண்டிய பெண் ஹார்மோன் வருவது முட்டைப்பையிலிருந்துதான். முட்டைப்பை இருந்தால் மாதவிடாய் வராவிட்டாலும் ஹார்மோன் வந்துகொண்டே இருக்கும். இயற்கையாக நிற்கிற வயது வந்தபிறகு அது மெல்ல மெல்லக் குறையும். சிலருக்கு ஒன்றிரண்டு வருடம் முன்னதாகக் குறையலாம். இரண்டு முட்டைப்பையையும் எடுத்துவிட்டால் அந்த ஹார்மோன் ஒரே நாளில் நின்றுவிடும். திடீர் திடீரென்று உடம்பு பற்றி எரிவது, ராத்திரியில் வேர்த்துக் கொட்டுவது, தூக்கம் கெடுவது, பிறப்புவழி வறண்டு போவது எல்லாம் சில நாளிலேயே தொடங்கும். எலும்பு சீக்கிரம் தேயும். பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பும் கூடும்.

பக்கத்து ஊர் உறுப்பினர் ஒருவருக்கு இப்படி ஆனது. அவருக்கு 38 வயதில் ஆபரேஷன். அதன் பிறகு ஒரு வருடமாக "உடம்பெல்லாம் அனலா இருக்கு, சாமி குத்தமோ என்னமோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நலக்கல்விக் கூட்டத்தில் டிஸ்சார்ஜ் தாளை எடுத்துவரச் சொல்லி நர்சம்மா படித்துப் பார்த்தபோதுதான் இரண்டு முட்டைப்பையும் எடுக்கப்பட்டது அவருக்கே தெரிந்தது. "கர்ப்பப்பைய மட்டும்தான் எடுத்தாங்கன்னு நெனச்சேன்" என்றார். இந்த வயதில் முட்டைப்பையை எடுக்க நேர்ந்தவர்களுக்கு, வேறு தடை இல்லை என்றால், மாதவிடாய் இயற்கையாக நிற்கும் வயதுவரை ஹார்மோன் மாத்திரை கொடுப்பது வழக்கம். சொல்லாமல் விட்டதால் அவருக்கு ஒரு வருடம் வீணாகப் போனது. இப்போது மருந்து எடுத்துக்கொள்கிறார், தேவலை.

முட்டைப்பையில் கட்டி, புற்றுநோய்ச் சந்தேகம், அல்லது குடும்பத்தில் அம்மா, அக்கா தங்கைக்கு அந்தப் புற்றுநோய் இருந்தால் எடுப்பதில் நியாயம் உண்டு. மாதவிடாய் நின்று வருடங்கள் ஆனவர்களுக்கும் எடுக்கலாமா என்று பேசி முடிவு செய்யலாம். நன்றாக வேலை செய்யும் முட்டைப்பையை 45 வயதுக்கு முன் "எதுக்கும் இருக்கட்டும்" என்று எடுப்பதில் நியாயம் இல்லை. குழாய்களை மட்டும் எடுப்பார்கள் என்றால் பயப்படாதீர்கள். அதனால் ஹார்மோன் நின்றுவிடாது. பிற்காலத்தில் முட்டைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் குறைகிறது. அக்காவுக்கும் அப்படித்தான் செய்தார்கள். கர்ப்பப்பை, வாய், குழாய்கள் எடுக்கப்பட்டன. முட்டைப்பைகள் விடப்பட்டன.

கையெழுத்துப் போடும் தாளில் எதையெல்லாம் எடுக்கப் போகிறார்கள் என்று எழுதியிருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்கள் படித்துக் காட்டச் சொல்லலாம். பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருக்கும்போது தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் முட்டைப்பைகளையும் எடுத்த வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சுயநினைவு திரும்பியதும் அந்தப் பெண்ணிடமே கேட்டிருக்க வேண்டும், தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்று 2008-இல் தீர்ப்பு வந்தது. ஆகவே கையெழுத்து நம்முடையது. கணவரோ மாமியாரோ மட்டும் போட்டால் போதாது.

எந்த வழியாக எடுக்கிறார்கள்?

மூன்று வழிகள் உண்டு.

முதலாவது கீழ்வழி. பிறப்புவழி வழியாகவே கர்ப்பப்பையை எடுப்பது. வயிற்றில் கீறலே இருக்காது. பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். அடி இறங்கியவர்களுக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இறங்காத கர்ப்பப்பையையும், அளவு ரொம்பப் பெரிதாக இல்லாமல், அசைந்து கொடுத்தால் கீழ்வழியாக எடுக்கலாம். சுகப்பிரசவம் ஆனவர்களுக்கு இன்னும் சுலபம். இந்த வழி ஒத்துவருகிறவர்களுக்கு இதுவே நல்லது என்பது மருத்துவர்கள் பொதுவாக ஒப்புக்கொண்டது. வலி குறைவு, வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம், பெரிய கருவியும் வேண்டாம்.

இரண்டாவது லேப்ராஸ்கோப். வயிற்றைக் காற்றால் உப்பவைத்து, அரை செண்டிமீட்டர் முதல் ஒரு செண்டிமீட்டர் வரையுள்ள மூன்று நான்கு துளை போட்டு, கேமரா விட்டுப் பார்த்தபடி செய்வது. முழு மயக்கம் வேண்டும். பிரித்த கர்ப்பப்பையைப் பெரும்பாலும் கீழ்வழியாகவே வெளியே எடுப்பார்கள். முட்டைப்பையிலும் கோளாறு இருக்கிறது, உள்ளே ஒட்டிப்போயிருக்கிறது என்றால் கண்ணால் பார்த்துச் செய்ய இது உதவும். நேரம் கூடப் பிடிக்கும். சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயில் காயம் படும் வாய்ப்பு மற்ற வழிகளைவிடக் கொஞ்சம் அதிகம். அதனால் கை பழகிய மருத்துவராக இருக்க வேண்டும். முடிந்த பிறகு ஒன்றிரண்டு நாள் தோள்பட்டை வலிக்கும். உள்ளே நின்ற காற்றால் வருவது அது, தானே போய்விடும்.

மூன்றாவது வயிற்றைக் கிழித்து எடுப்பது. அடிவயிற்றில் குறுக்காகவோ நெடுக்காகவோ கீறல் இருக்கும். பெரிய கட்டி, பழைய ஆபரேஷன்களால் உள்ளே நிறைய ஒட்டிப்போனது, சில புற்றுநோய்கள் இவற்றுக்கு இதுதான் பாதுகாப்பு. மற்ற இரண்டு வழியில் ஆரம்பித்தாலும், நடுவில் ரத்தம் அதிகமானால் வயிற்றைத் திறக்க வேண்டி வரலாம். அது தவறு இல்லை. முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் கீழ்வழிக்கும் லேப்ராஸ்கோப்புக்கும் 2, 3 நாள் வைத்திருப்பார்கள். வயிற்றைக் கிழித்தால் 4, 5 நாள் ஆகலாம்.

வெளியே கீறல் இல்லை, உள்ளே தையல் இருக்கிறது

அக்காவுக்குக் கீழ்வழியாகச் செய்தார்கள். மறுநாள் சிறுநீர்க் குழாயையும் உள்ளே வைத்த துணியையும் எடுத்து, எழுந்து நடக்க வைத்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். பார்த்தவர்கள் எல்லாம் "வயித்துல ஒரு கீறல் கூட இல்லையே!" என்றார்கள். பத்து நாளில் அக்காவுக்கே ஆபரேஷன் நடந்தது மறந்துபோனது. 18-ஆம் நாள் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. வீட்டில் யாரும் இல்லை. நான்கு குடம் எடுத்து இடுப்பில் வைத்துச் சுமந்தார். அன்று சாயங்காலம் அடிவயிறு இழுத்துப் பிடித்தது. ராத்திரி பச்சை ரத்தம் பட்டது. ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைந்தது.

ஏன் இப்படி ஆனது? கர்ப்பப்பையும் வாயும் எடுத்தபிறகு பிறப்புவழியின் மேல்முனை திறந்த பைமாதிரி இருக்கும். சாக்குப்பையின் வாயைத் தைப்பதுபோல அதைத் தைத்து மூடுவார்கள். கீழ்வழியோ, லேப்ராஸ்கோப்போ, வயிற்றைக் கிழித்ததோ, வாயையும் சேர்த்து எடுத்த எல்லோருக்கும் இந்த உள்தையல் உண்டு. கண்ணுக்குத் தெரியாது. அது ஆற குறைந்தது 6 வாரம் வேண்டும். நிறைகுடம் 12 முதல் 15 கிலோ இருக்கும். அதைத் தூக்கும்போது வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தம் எல்லாம் கீழே அந்தத் தையலில்தான் இறங்குகிறது.

நல்ல வேளையாக அக்கா விடியும்வரை காத்திருக்கவில்லை. 108-க்குச் சொல்லி ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். தையல் ஓரிடத்தில் விட்டுப்போய், கொஞ்சம் சீழும் பிடித்திருந்தது. ஐந்து நாள் தங்கி மருந்து ஏற்றினார்கள். ஆறியது. ஆனால் ஓய்வுக் கணக்கை முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

ஆறு வாரமும் எப்படி இருக்க வேண்டும்?

ஓய்வு என்றால் படுத்தே கிடப்பது இல்லை. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்துவிடும் ஆபத்து உண்டு. மறுநாளிலிருந்தே நடக்க வேண்டும். முதல் வாரம் வீட்டுக்குள், பிறகு வாசல், பிறகு தெருக்கோடி வரை. இரண்டு வாரம் கழித்து உட்கார்ந்து காய் நறுக்கலாம், துணி மடிக்கலாம், குழுக் கணக்கு எழுதலாம். 5 கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது. குடம், புல்லுக்கட்டு, விறகு, சிலிண்டர், கைக்குழந்தை எல்லாம் இதில் சேரும். ஆறாவது வாரம் மருத்துவர் உள்தையலைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் சுமை. நாற்று நடுவது, களை எடுப்பது, கல் மண் சுமப்பது போன்ற வேலைக்கு, வயிற்றைக் கிழித்தவர்களுக்குப் பல மருத்துவர்கள் 3 மாதம் வரை சொல்கிறார்கள்.

தாம்பத்தியமும் அந்தப் பரிசோதனை முடியும்வரை கூடாது. கணவரிடம் இதை நேராகச் சொல்லக் கூச்சமாக இருந்தால், வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டரம்மாவையே அவரிடம் சொல்லச் சொல்லுங்கள். ஆறிய பிறகு தடை இல்லை. "கர்ப்பப்பை போனா பொம்பளையே இல்ல" என்பது வெறும் பேச்சு.

சாப்பாட்டில் நம் ஊர்ப் பத்தியம் சில சமயம் கெடுதல் செய்கிறது. "தண்ணி குடிச்சா தையல்ல சீழ் பிடிக்கும்" என்று தண்ணீரைக் குறைப்பார்கள். அது தவறு. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும். முக்கினால் குடம் தூக்குவதுபோலவே உள்தையலில் அழுத்தம் விழும். தண்ணீர், கீரை, காய், பழம், முட்டை, பருப்பு தாராளமாகச் சாப்பிடலாம். இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். தினமும் குளிக்கலாம். குளத்தில், கிணற்றில் இறங்கி முங்கக்கூடாது.

நான்கு முதல் ஆறு வாரம் வரை பழுப்பாகவோ லேசான சிவப்பாகவோ கசிவு இருக்கும். இரண்டாம் மூன்றாம் வாரம் தையல் நூல் கரையும்போது கொஞ்சம் கூடலாம், நூல்துண்டு விழலாம். இது இயல்பு. கீழே சொல்வது எதுவும் இயல்பு இல்லை. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

• ஒரு மணி நேரத்தில் நாப்கின் நனையும் அளவுக்குப் பச்சை ரத்தம்
• காய்ச்சல், குளிர், நாற்றமுள்ள கசிவு
• ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்கால் வலி
• திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி
• கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, வயிறு உப்பி வாந்தி
• சிறுநீர் போகாமல் அடைப்பது, அல்லது அடக்க முடியாமல் சொட்டிக்கொண்டே இருப்பது
• பிறப்புவழியில் ஏதோ பிதுங்கி வருவது

சிறுநீர் சொட்டுவது ஆபரேஷன் முடிந்த முதல் நாளே தெரியும் என்று இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்தும் தொடங்கலாம். மூத்திரப்பையிலோ குழாயிலோ பட்ட காயம் அப்போதுதான் திறந்துகொள்ளும். வெட்கப்பட்டு துணி வைத்துக்கொண்டு சமாளிக்காதீர்கள். இது சரிசெய்யக்கூடியது.

இரண்டு தாள்களைப் பத்திரமாக வாங்கி வையுங்கள்

ஒன்று, டிஸ்சார்ஜ் தாள். முட்டைப்பை, வாய் இருக்கிறதா எடுத்தாயிற்றா என்று அதில் எழுதியிருக்க வேண்டும். இன்னொன்று, எடுத்த கர்ப்பப்பையைச் சோதித்த அறிக்கை. அது ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் வரும். பலர் போய் வாங்குவதே இல்லை. ஸ்கேனில் தெரியாத நோய் அதில் தெரிய வாய்ப்புண்டு.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை (வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளவும்)

1. எனக்கு என்ன நோய்? மருந்தில் பார்க்க வழி உண்டா?
2. புற்றுநோய் இல்லை என்று பரிசோதித்தாயிற்றா?
3. கர்ப்பப்பை வாயையும் எடுப்பீர்களா? முட்டைப்பையை விடுவீர்களா? எடுத்தால் ஏன்?
4. எந்த வழியாக எடுப்பீர்கள்? கீழ்வழி எனக்கு ஒத்துவருமா? வராது என்றால் காரணம் என்ன?
5. ரத்தம் போதுமான அளவு இருக்கிறதா?
6. ராத்திரியில் பிரச்சனை என்றால் யாருக்குப் போன் செய்வது?

குழுத் தலைவிகளுக்கு ஒரு வார்த்தை. ஆபரேஷனுக்குக் கடன் கொடுக்கும்போது ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் கணக்கிடாதீர்கள். ஆறு வாரம் கூலி இல்லாத நாட்களையும் சேர்த்துக் கணக்கிட்டு, முதல் தவணையை இரண்டு மாதம் தள்ளி வையுங்கள். அக்கா இரண்டாவது முறை வீடு திரும்பியபோது அவருடைய குழு ஒரு தீர்மானம் போட்டது. முறை வைத்து, தினம் ஒரு உறுப்பினர் அவர் வீட்டுக்கு நான்கு குடம் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது என்று. தீர்மானப் புத்தகத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது. அக்கா ஏழாவது வாரம் கூட்டத்துக்கு நடந்தே வந்தார்.